பெட்ரோல் கிடங்கில் நான் விடைபெற்ற விதம்

வேலையை விட்டுப் போகிறவன் கடைசி நாளன்று எல்லோர் முன்னிலையிலும் ஒரு தாள் வாசித்துவிட்டுப் போவது எங்கள் கிடங்கில் வழக்கமாக இருந்தது. இப்போது அது இல்லையாம். மாலை போட்டு, நாற்காலியில் உட்கார வைத்து ஒரு படம் பிடித்து அனுப்பிவிடுகிறார்களாம். போன வாரம் டோல்கேட் பக்கம் பார்த்த பழைய பம்ப் டிரைவர் ஒருவர் இதைச் சொல்லிவிட்டு, என் தாளைப் பற்றி இன்னும் பேசிக்கொள்கிறார்கள் என்றார். அவர் சொன்ன தோரணையைப் பார்த்தால், நான் ஏதோ சாமர்த்தியம் பண்ணிவிட்டுப் போனதாக அங்கே கதை ஆகியிருக்கிறது. சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. அந்தத் தாளை எழுதின நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. என்ன நடந்தது என்பதை நானே எழுதிவிடுவது நல்லது.

நான் வியாசர்பாடிக்காரன். எங்கள் தெருவில் பௌத்த சங்கத்தார் நடத்திய சாயங்காலப் பள்ளியில்தான் எழுத்துக் கற்றேன். தண்டையார்பேட்டையில் கடலோரமாக இருந்த எண்ணெய்க் கிடங்கில் எண்ணெய் அடைத்த தகரம் உருட்டும் கூலியாகச் சேர்ந்து, பம்ப் வீட்டில் சில காலம், பைப் லயனில் சில காலம் என்று போய், கடைசியில் டாங்கி மேஸ்திரி ஆனேன். கற்றுக்கொண்ட வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பயப்படக் கற்றுக்கொண்டேன் என்று சொன்னால் போதும். துறைமுகத்தில் கப்பல் வந்து நிற்கும். குழாய் வழியாக எண்ணெய் எங்கள் டாங்கிகளுக்கு ஏறும். வாசலில் பீடி, நெருப்புப்பெட்டி எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஆணி அடித்த செருப்புக்குக் கூட அனுமதி கிடையாது. இரும்பில் இரும்பு பட்டு ஒரு பொறி கிளம்பினால், அன்றைக்கு ராயபுரம் வரைக்கும் சத்தம் கேட்கும் என்று ஒவ்வொருவனுக்கும் தெரியும். யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை.

நெருப்பை விட நான் அதிகம் பயந்தது டாங்கி கழுவுவதற்கு.

பெட்ரோல் டாங்கியின் அடியில் நாளாவட்டத்தில் துருவும் சேறும் தங்கும். அதை வாரி எடுக்க வேண்டும். எண்ணெயை முழுக்க இறக்கிவிட்டு, அடியில் இருக்கும் ஆள் நுழையும் வாயையும் மேல்மூடியையும் திறந்து போட்டுப் பல நாள் காற்றாட விடுவோம். அதற்குப் பிறகு கம்பிவலை போட்ட காப்பு விளக்கை வாயருகே நீட்டிப் பார்ப்போம். சுடரைச் சுற்றி நீலமாக ஒரு தொப்பி தெரிந்தால் உள்ளே ஆவி இருக்கிறது, போகக்கூடாது. தெரியாவிட்டால் போகலாம். ஆனால் சேற்றைக் கிளறும்போது அதற்குள் அடைந்து கிடக்கும் ஆவி வெளியே வரும். அதை எந்த விளக்கும் முன்கூட்டிக் காட்டாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழும். குனிந்து வாருகிறவனுக்குத்தான் முதலில் ஏறும். கள் குடித்தவன் போல ஆகிவிடுவான். சிலர் சிரிப்பார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டால் உடனே இழுக்க வேண்டும். உள்ளே போகிறவன் இடுப்பில் கயிறு, வாயில் நிற்பவன் கையில் அதன் மறுமுனை. கயிற்றுக்கு ஒரு ஆள்தான். அதுதான் கிடங்கின் சட்டம்.

ஒரு தரம் நானே விழுந்தேன். நான் சிரித்தேனா என்பது எனக்குத் தெரியாது. கயிற்றுக்கு நின்றது நரசிம்முலு என்ற, குழாய் பூட்டும் பிட்டர். அவர் இழுத்திருக்கிறார், கயிறு உள்ளே ஒரு தாங்குகாலில் சிக்கிக்கொண்டுவிட்டது. கயிற்றை விட்டால் என்னைத் தொலைத்துவிடுவார், விடாவிட்டால் உள்ளே வர முடியாது. அவர் போட்ட கூச்சல் பக்கத்து மண்ணெண்ணெய் டாங்கியின் வால்வில் நின்ற காதர் பாய்க்குக் கேட்டது. அந்த நேரம் கப்பலிலிருந்து எண்ணெய் ஏறிக்கொண்டிருந்தது. எண்ணெய் ஏறும்போது வால்வுக்காரன் இடத்தை விட்டு நகர்ந்தால் அன்றே வேலை போகும். டாங்கி நிரம்பி வழிந்தால் என்ன ஆகும் என்பதால் போட்ட சட்டம், நியாயமான சட்டம்தான். காதர் பாய் நகர்ந்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஊர்ந்து, சிக்கை எடுத்து, என் சட்டைக் காலரைப் பற்றி வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, திரும்பவும் வால்வுக்கு ஓடிவிட்டார். எண்ணெய் வழியவில்லை. யாரும் பார்க்கவில்லை. எனக்கு நினைவு வந்தபோது நரசிம்முலு மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். நடந்ததை என்னிடம் மட்டும் சொல்லிவிட்டு, கயிற்றால் இழுத்தேன் என்றே அவர் ஆபீசில் சொன்னார். நாங்கள் மூவரும் அதற்கு மேல் பேசவில்லை.

காதர் பாய் வண்ணாரப்பேட்டைக்காரர். பேசவே மாட்டார். அன்றைக்கு என் உயிரைக் காத்தவருக்கு நான் ஒரு தரம் கூட நன்றி சொன்னதில்லை. சொல்ல வாயெடுத்தால் சுற்றும் முற்றும் பார்ப்பார், நடந்துவிடுவார்.

இப்போது தாளின் விஷயத்துக்கு வருகிறேன்.

கிடங்கின் வெள்ளைக்கார அதிகாரியான எங்கள் துரை வருவதற்கு முன்பே இருந்த ஏற்பாடு அது. போகிறவன் தன் தாளைத் தமிழில் எழுதி, சில நாள் முன்னதாகவே பெரிய கிளார்க் ராகவாச்சாரியாரிடம் கொடுக்க வேண்டும். அவர் அதைத் துரைக்கு இங்கிலீஷில் சொல்லுவார். துரை ஓரத்தில் கையெழுத்துக் குறி போட்டுத் தந்தால், கடைசி நாள் வேலை முடியும் சாயங்காலச் சங்குக்குச் சற்று முன்பு வாசல் கொட்டகையில் எல்லோரையும் கூப்பிட்டு வாசிக்கலாம். பிறகு அந்தத் தாள் அறிவிப்புப் பலகையில் ஒரு வாரம் குத்தியிருக்கும். சாதாரணமாக எல்லாத் தாளும் ஒன்று போலவே இருக்கும்: வேலை கற்றுக் கொடுத்தவர்களுக்கு வந்தனம், கூட இருந்தவர்களுக்கு வந்தனம், தப்பிருந்தால் மன்னிக்கவும், எல்லோரும் சுகமாக இருங்கள்.

நான் போவதற்கு முந்தைய வருஷம் நரசிம்முலு வேலையை விட்டுப் போனார். அவர் குறி வாங்கிய தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மனதில் இருந்ததைப் பேசினார். டாங்கி கழுவுகிறவனுக்குக் கயிற்றில் ஒரு ஆள் போதாது என்றார். உள்ளே காற்றடிக்கக் காற்றூதி இல்லை என்றார். எல்லாம் உண்மை. பேச்சு வேகத்தில், இது என் ஒருத்தன் வார்த்தை இல்லை, இன்னாரும் இன்னாரும் இதையே சொல்கிறார்கள் என்று இரண்டு பேரின் பெயரைச் சொன்னார். பிறகு, "நம்ம முனிரத்னம் டாங்கில வுய்ந்த அன்னிக்கு..." என்று என் பெயரை எடுத்து ஆரம்பித்தார். என் பக்கத்தில் நின்ற காதர் பாய் என் மணிக்கட்டைப் பிடித்தார். வால்வு திருகும் இரும்புச் சாவி போல அந்தப் பிடி. நரசிம்முலுவுக்கு என்ன தோன்றியதோ, அதை அப்படியே விட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். கைதட்டினார்கள். அவர் மாலையோடு வீட்டுக்குப் போனார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மாதக் கடைசியில் அந்த இரண்டு பேருக்கும் வேலை இல்லை என்று சீட்டு வந்தது. காரணம் எதுவும் எழுதவில்லை.

நரசிம்முலு கெட்டவர் அல்ல. இதைக் கேட்டு அவர் அழுதார் என்று பிறகு அறிந்தேன். ஆனால் அன்றிலிருந்து கிடங்கில் விடைபெறும் தாள் என்றாலே மனிதர்களுக்கு நடுக்கம் வந்துவிட்டது. போகிறவன் பேசுகிறான், அதன் விலை இருக்கிறவன் தலையில் விழுகிறது.

வயதாகி என் முறை வந்தபோது காலம் இன்னும் மோசம். வியாபாரம் படுத்துவிட்டது. துறைமுகத்திலும் ரயில்வே பட்டறைகளிலும் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் கிடங்கிலும் குறைக்கப் போகிறார்கள், யார் யார் என்று துரை முடிவு செய்துகொண்டிருக்கிறார் என்று பேச்சு. இதற்கிடையில் டாங்கியில் இறங்குகிறவர்கள் கயிற்றுக்கு இரண்டு ஆள் வேண்டும் என்று ஒரு மனு எழுதி, கையெழுத்தும் கைநாட்டும் போட்டு, பம்பாய்ப் பெரிய ஆபீசுக்கு அனுப்பியிருந்தார்கள். மனுவை முன்னின்று எழுதியவர் ஏழுமலை, என் கீழ் வேலை செய்தவர், புளியந்தோப்புக்காரர், கோபமும் நியாயமும் கொஞ்சம் அதிகமாகவே உள்ளவர். மேஸ்திரி என்பதால் என்னிடம் கையெழுத்துக் கேட்கவில்லை.

நான் போகும் தேதி தெரிந்ததும் ஒவ்வொருவராக என்னிடம் வர ஆரம்பித்தார்கள். யாரும் வாழ்த்துச் சொல்ல வரவில்லை. பம்ப் வீட்டு ஆள் ஒருவர் வந்து, தன் பெயரை எழுதிவிட வேண்டாம் என்றார். தகரப் பட்டறையிலிருந்து ஒருவர், சேர்ந்து வேலை செய்தோம் என்று கூடச் சொல்லாதீர்கள் என்றார். நான் சிரிக்கப் பார்த்தேன். அவர் முகத்தைக் கண்டதும் சிரிப்பு வரவில்லை.

காதர் பாய் குழாய்ப் பாலத்தருகே காத்திருந்தார். "மேஸ்திரி, என் பேரை எய்தாதே. வந்தனம்னு கூட எய்தாதே. இன்னாத்துக்கு வந்தனம்னு தொரை கேப்பாரு. வூட்ல பொண்ணுக்கு நிக்காஹ் வச்சிகீது." அவ்வளவுதான் சொன்னார். அவர் என்னிடம் அதுவரை பேசியதில் அதுதான் நீளமான பேச்சு.

ஏழுமலை வேறு மாதிரி வந்தார். நேராக என் முன்னால் நின்றார்.

"நீ போறே நைனா. உன்ன இன்னா பண்ண முடியும் அவங்களால? டாங்கியப் பத்தி நாலு வார்த்த சொல்லிட்டுப் போ. நாங்க சொன்னா வேலை பூடும். நீ சொன்னா பேச்சு."

போன வருஷம் நரசிம்முலு சொன்னதும் பேச்சுத்தானே, போனது யார் என்று கேட்டேன். பெயர் சொல்லாமல் சொல் என்றார் அவர். நான் வாயைத் திறந்ததும் துரை மனுவில் கையெழுத்துப் போட்டவர்களைத்தான் பார்ப்பார் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. பயந்தவன் என்று சொல்லவில்லை, ஆனால் அப்படித்தான் பார்த்தார். அது உண்மையும் கூட.

ஞாயிற்றுக்கிழமை பகல் வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். முதலில் எழுதியது பல பக்கம் போயிற்று. எங்கெங்கே வேலை செய்தேன், யார் யார் என்னென்ன உதவி செய்தார்கள், எதையெல்லாம் சகித்தோம் என்று எல்லாம். நான் படித்துக் காட்ட, என் சம்சாரம் கன்னியம்மா அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும், "இதக் கேட்டுட்டு அவங்க அளுவாங்களா, இல்ல அன்னிக்கே வேலை தேடுவாங்களா?" என்றாள். எரிச்சலாக இருந்தது. பிறகு ஒவ்வொரு வரியாக எடுத்து, இதை நாளைக்குப் பலகையில் படித்தால் யாருக்கு என்ன ஆகும் என்று யோசித்தேன்.

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. குறை சொல்லும் வரி ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும். அன்பாகச் சொல்லும் வரியும் அதே அளவு ஆபத்தாக இருக்கிறது. என் கை காயம்பட்டபோது இன்னார் என் வேலையையும் சேர்த்துச் செய்தார் என்று நன்றி எழுதினால், தன் இடத்தை விட்டுவிட்டு வந்தார் என்று அர்த்தம். எனக்குக் காய்ச்சல் வந்தபோது இன்னார் வந்து பார்த்தார் என்றால், அவர் அன்று வேலைக்கு வந்தாரா என்ற கேள்வி வரும். சட்டத்தை மீறாமல் ஒருவர் ஒருவருக்குப் பெரிதாக உதவி செய்ய முடியாத இடம் அது. நன்றியைக் குறுக்கினேன். பெயர்களை எடுத்தேன். வேலையின் பெயர்களை வைத்தேன். குறைகள் இருந்த இடங்களையும் எடுத்தேன், ஆனால் அவற்றைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. டாங்கிக்கு இரண்டு ஆள் வேண்டும் என்பதைப் போகிற வழியில் வீசிவிட்டுப் போகக்கூடாது, வேலையில் இருக்கும்போதே நேரில் நின்று கேட்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அப்படிக் கேட்டால், கோபம் வந்தால் என் மேல் வரட்டும். இன்னும் சில நாள் நான் கிடங்கின் ஆள்தானே.

திங்கட்கிழமை தாளை ராகவாச்சாரியாரிடம் கொடுத்துவிட்டு, துரையின் அறைக்குப் போனேன்.

எங்கள் துரை சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் அவர் குரல் தாழும். மேஜையில் இருக்கும் பேனா, மைக்கூடு, காகிதக்கல் எல்லாவற்றையும் ஒரே கோட்டில் வரும்படி விரலால் நகர்த்தி வைப்பார். பல வருஷம் இருந்ததால் தமிழ் நன்றாகப் புரியும். ஆனாலும் ராகவாச்சாரியார் மொழிபெயர்க்கும் வரை பதில் சொல்ல மாட்டார். நாம் ஒன்றைச் சொல்லி, அது இங்கிலீஷாகி, திரும்பி வரும் வரை அவர் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தக் காத்திருப்பில் சொன்னதையெல்லாம் மாற்றிச் சொல்லிவிடலாமா என்று தோன்றும்.

டாங்கி மேஸ்திரி என்ற முறையில் ஒன்று கேட்க வந்தேன் என்றேன். உள்ளே விழுந்தவன் நான், கயிறு சிக்கினால் ஒரு ஆளால் முடியாது, கயிற்றைப் பிடிக்க ஒருவன், உள்ளே போய் எடுக்க ஒருவன் என்று இரண்டு பேர் வாயில் நிற்க வேண்டும், இது என் அனுபவம், வேறு யாரும் என்னை அனுப்பவில்லை என்றேன். அன்றைக்குச் சிக்கை எடுத்தது யார் என்று கேட்டுவிடுவாரோ என்று என் முதுகு நனைந்தது. அவர் கேட்கவில்லை. மைக்கூட்டை நகர்த்தினார். பார்க்கலாம் என்று சொன்னதாக ராகவாச்சாரியார் தமிழில் சொன்னார்.

பிறகு துரை என் தாளை எடுத்தார். நன்றாக இருக்கிறதாம். ஒரே ஒரு வரி சேர்க்க வேண்டுமாம்: இந்தக் கிடங்கில் தொழிலாளிகள் எவருக்கும் ஒரு குறையும் இல்லை.

எனக்கு முதலில் அது பெரிதாகத் தெரியவில்லை. அப்படிச் சிலர் எழுதியிருக்கிறார்கள். வெளியே வந்ததும் ராகவாச்சாரியார் பின்னாலேயே தாழ்வாரத்துக்கு வந்தார். அவர் எப்போதும் நெற்றி நாமம் கலையாமல், யாருக்கும் எதிலும் படாமல் இருக்கிற மனுஷர். அன்று அவர் என்னைத் தூண் மறைவுக்கு இழுத்தார்.

"முனிரத்னம், பம்பாயிலேருந்து மனுவுக்குப் பதில் கேட்டு வந்திருக்கு. உம்ம தாளை அதோட வச்சு அனுப்பப் போறார். கழுவுற மேஸ்திரியே குறையில்லைன்னுட்டார்னு. நான் சொன்னதா வெளியில போகப்படாது."

அவ்வளவு சொல்லிவிட்டு, ஏதோ காகிதத்தை மறந்து வைத்தவர் போல உள்ளே போய்விட்டார்.

அந்த மூன்று நான்கு நாட்கள் எனக்கு எப்படிப் போயின என்று சொல்லத் தெரியவில்லை. வரியைச் சேர்த்தால் துரைக்கு மனம் குளிர்ந்து இரண்டு ஆள் தருவாரோ என்று ஒரு நினைப்பு. சேர்த்துவிட்டால் மனு செத்தது, கையெழுத்துப் போட்டவர்கள் பொய்யர்கள் ஆவார்கள், குறைப்பதற்கு ஆள் தேடுகிறவருக்கு அதைவிட என்ன வேண்டும் என்று இன்னொரு நினைப்பு. சேர்க்க மாட்டேன் என்று சொன்னால், அதுவே குறை சொன்னது ஆகும். ஏழுமலையிடம் சொல்லலாம் என்றால், அவர் அன்றே துரை அறைக்குப் போய்விடுவார், ராகவாச்சாரியார் கதி என்ன. யாரிடமும் சொல்லவில்லை. கன்னியம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவள், மற்றவன் வயிறு வலிக்கிறதா இல்லையா என்று உனக்கு எப்படித் தெரியும் என்றாள்.

அதைப் பிடித்துக்கொண்டேன். தாளைத் திரும்ப எழுதிக் கொடுத்தேன். துரை கேட்ட வரி வர வேண்டிய இடத்தில், "எனக்குக் கிடைத்தவற்றுக்கு என் நன்றி" என்று மட்டும் எழுதினேன். ராகவாச்சாரியாரிடம், மேஸ்திரி எழுதத் தெரிந்ததை எழுதினான், அடுத்தவர் மனதை எழுத அவனுக்கு அதிகாரம் இல்லை என்று துரைக்குச் சொல்லுங்கள் என்றேன். அவர் எப்படிச் சொன்னாரோ. தாள் குறி இல்லாமலேயே துரையின் மேஜையில் கிடந்தது. கடைசி நாள் காலையிலும் குறி விழவில்லை. வாசிக்கலாமா கூடாதா என்று ராகவாச்சாரியாருக்கே தெரியவில்லை.

சாயங்காலம் கொட்டகையில் கூடச் சொன்னார்கள். அப்போதும் தாள் என் கையில் இல்லை. துரை தாமே அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். இப்படி அவர் வந்து யாரும் பார்த்ததில்லை. ஆட்கள் வரிசையாக நின்றார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. ஏழுமலை தூண் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். காதர் பாய் எல்லோருக்கும் பின்னால், வெளியே போகும் வழிக்குப் பக்கத்தில். துரை தாளை என்னிடம் நீட்டினார். ஓரம் வெறுமையாக இருந்தது.

வாசித்தேன். எழுதியது இதுதான்:

"கூட வேலை செய்த எல்லோருக்கும் என் வணக்கம். இன்றோடு என் வேலை முடிகிறது. தகரம் உருட்டக் கற்றுக் கொடுத்தவர்கள், பம்ப் ஓட்டக் கற்றுக் கொடுத்தவர்கள், டாங்கியில் என் கூட இறங்கியவர்கள், என் கயிற்றைப் பிடித்தவர்கள் எல்லோரையும் நினைத்துக்கொள்கிறேன். இந்தக் கிடங்கில் ஒரு நாள் கூட நான் தனியாக வேலை செய்ததில்லை. நான் இன்றைக்கு இங்கே நிற்பது உங்களால்தான். எனக்குக் கிடைத்தவற்றுக்கு என் நன்றி. என் சொல்லால் யாருக்காவது வருத்தம் வந்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். வால்வுகளின் சாவியும் விளக்கும் அடுத்த மேஸ்திரியிடம் ஒப்படைத்துவிட்டேன். வியாசர்பாடியில் என் வீடு உங்களுக்குத் தெரியும், வாருங்கள். எல்லோரும் ஜாக்கிரதையாக வேலை செய்து, பத்திரமாக வீட்டுக்குப் போய்ச் சேருங்கள். வருகிறேன்."

நிறுத்தினேன். கைதட்டலாமா என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் துரையைப் பார்த்தார்கள்.

துரை ராகவாச்சாரியாருக்காகக் காத்திருக்கவில்லை. தமிழிலேயே, தாழ்ந்த குரலில் கேட்டார்: "முனிரத்னம். இங்கே யாருக்கும் குறை இல்லை. அப்படித்தானே?"

அவர் தமிழ் பேசி அங்கே பாதிப் பேர் கேட்டதில்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும், நான் வீட்டுக்குப் போய்விடலாம். ஏழுமலை கட்டியிருந்த கையை எடுத்தார். அவர் பேசிவிடுவார் என்று தெரிந்தது. அவர் பேசினால் அவர் கதை அன்றோடு தீர்ந்தது. அதற்கு முன்னால் நான் பேசியாக வேண்டும்.

"தொரை," என்றேன். "நான் வாசிச்சது எனக்காக. என் நன்றி அவ்ளோதான். மத்தவங்களுக்கு இன்னா கீது, இன்னா இல்லன்னு அவங்கதான் சொல்லணும். அவங்களுக்குப் பதிலா நான் ஆமான்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது. அவங்களுக்கு நான் நல்லா இருங்கன்னு மட்டும் சொல்லலாம். அதச் சொல்லிட்டேன்."

துரை என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். கொட்டகையில் மேஜை இல்லை. நகர்த்தி வைக்க அவர் கைக்கு எதுவும் இல்லை. கடைசியில் தாளை என்னிடமிருந்து வாங்கி, ராகவாச்சாரியாரிடம் பேனா கேட்டு, அவர் முதுகிலேயே வைத்து ஓரத்தில் குறி போட்டார். என்னிடம் கை நீட்டினார். நீட்டிய கையைத் தொட்டேன். துரை ஆபீசுக்குத் திரும்பி நடந்தார். சங்கு ஊதிற்று.

அதற்குப் பிறகும் யாரும் கைதட்டவில்லை. ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். பெயரை எழுதாதே என்று சொன்னவர்கள் எல்லாரும் வந்தார்கள். ஏழுமலை கடைசியில் வந்தார். நான் எதிர்பார்த்த கோபம் இல்லை. ஆனால் அவருக்கு முழுத் திருப்தியும் இல்லை; வாய்ப்பு ஒன்று போய்விட்டதாகவே அவர் வெகு காலம் நினைத்தார் என்று அறிவேன். அவர் நினைத்ததிலும் நியாயம் உண்டு. காதர் பாய் வரவில்லை. பார்த்தபோது அவர் போய்விட்டிருந்தார்.

மாதக் கடைசியில் ஆள் குறைப்பு நடந்தது. கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் போனார்கள். அது கொடுமைதான். ஆனால் மனுவில் கையெழுத்துப் போட்டவர்களை அதற்காகப் பொறுக்கி எடுக்கவில்லை. ஏழுமலையும் காதர் பாயும் இருந்தார்கள். அதைக் கேள்விப்பட்ட அன்றுதான் எனக்கு உடம்பு கொஞ்சம் இளகிற்று.

மனுவுக்கு என்ன பதில் வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. மழைக்காலத்துக்கு முன்பு கிடங்கின் பெரிய பெட்ரோல் டாங்கியைக் கழுவப் போகிறார்கள் என்று மட்டும் தெரிந்தது. கழுவுகிற நாள் எது என்று கேட்டு வைத்திருந்தேன். அன்றைக்குக் காலையிலிருந்தே வீட்டில் இருக்க முடியவில்லை. யானைக்கவுனி வரைக்கும் நடந்தேன், திரும்பினேன். கடற்கரைப் பக்கம் இருந்து ஏதாவது சத்தம் வருகிறதா என்று காதைக் கொடுத்தே உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் போயிற்று. இவ்வளவு வருஷம் அந்த டாங்கிக்குள் இறங்கியபோது இருந்த பயத்தை விட, வெளியே உட்கார்ந்திருக்கும் பயம் பெரிதாக இருந்தது.

வெயில் சாய்ந்ததும் காதர் பாய் எங்கள் தெருவில் வந்தார். அதுவரை அவர் என் வீட்டுக்கு வந்ததில்லை. வேலை உடையிலேயே, சேறு காய்ந்த காலோடு வந்து நின்றார். கன்னியம்மா தண்ணீர் கொடுத்தாள். அண்ணாந்து முழுச் சொம்பையும் குடித்தார். எனக்குக் கேட்கவும் பயம்.

"டாங்கி வாயாண்ட ரெண்டு பேரு நின்னோம்," என்றார்.

துரை அதை ஏன் செய்தார், நான் கேட்டதற்காகவா, பம்பாய் சொன்னதற்காகவா என்று எனக்கு இன்று வரை தெரியாது. நான் அன்றைக்குக் கேட்கவும் இல்லை. சொம்பை வாங்கி வைத்துவிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, பல வருஷமாகச் சொல்ல விடாத நன்றியைச் சொன்னேன். இந்தத் தடவை அவர் சுற்றும் முற்றும் பார்க்கவில்லை.